பழைய முடிவைத் திருத்தும் கோடு

1955 அக்டோபரில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஒரு ரகசிய அறிக்கை தயாரானது. எழுதியவர்கள் கணிதவியலாளர் டி.இ. ஹாரிஸ், ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல் எஃப்.எஸ். ராஸ். சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் ரயில் தடங்களை அவர்கள் 44 புள்ளிகளும் 105 கோடுகளும் கொண்ட ஒரு படமாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்தத் தடம் எவ்வளவு சரக்கைத் தாங்கும் என்று ஓர் எண். அத்தனை தடங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அதிகபட்சம் 1,63,000 டன் போகும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த அளவுக்கு மேல் போகவிடாமல் தடுக்கிற இடுக்கு எது என்பதையும் படத்தின் குறுக்கே ஒரு கோடாகக் குறித்தார்கள். போர் வந்தால் எங்கே குண்டு போடுவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அறிக்கையின் ரகசிய முத்திரை 1999-ல்தான் நீங்கியது.

இந்தக் கேள்வியை ஹாரிஸ் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த லெஸ்டர் ஃபோர்டு, டெல்பர்ட் ஃபல்கர்சன் என்ற இருவரிடம் சொல்லியிருந்தார். அவர்கள் அதற்குக் கண்ட விடை 1956-ல் கனடாவின் கணித இதழ் ஒன்றில் அச்சானது. இன்று உலகெங்கும் கணினி மாணவர்கள் படிக்கும் ‘அதிகபட்ச ஓட்டம்’ என்ற பாடம் அங்கிருந்துதான் கிளைத்தது. முறை எளிமையானது, ஒரு தாளும் பென்சிலும் ரப்பரும் போதும். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் படத்தைத் திருப்பி வரையும்போது, இல்லாத தடம் ஒன்றை எதிர்த்திசையில் வரையச் சொல்வார்கள். ஏன் அப்படி வரைய வேண்டும், அது என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு சின்ன வலைப்பின்னலை வைத்துப் பார்ப்போம்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். புறப்பாடு என்று ஒரு நிலையம், சேர்விடம் என்று ஒரு நிலையம். நடுவில் க, ச, ட, த என்று நான்கு ஜங்ஷன்கள். எல்லாமே ஒருவழித் தடங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சரக்கு ரயில் விடலாம் என்பது ஒவ்வொரு தடத்துக்கும் தெரியும்:

புறப்பாடு → க : 7
புறப்பாடு → ச : 6
க → ட : 5
க → த : 4
ச → த : 5
ட → சேர்விடம் : 6
த → சேர்விடம் : 6

இதை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு படித்தால் நன்றாக இருக்கும். இடது ஓரத்தில் புறப்பாடு, வலது ஓரத்தில் சேர்விடம். நடுவில் மேலே க, அதற்கு வலப்பக்கம் ட. கீழே ச, அதற்கு வலப்பக்கம் த. க ஜங்ஷனிலிருந்து மட்டும் சாய்வாகக் கீழே த-வுக்கு ஒரு தடம் இறங்குகிறது. கதையெல்லாம் அந்தச் சாய்வுத் தடத்தில்தான்.

விதிகள் இரண்டே. எந்தத் தடத்திலும் அதன் அளவுக்கு மேல் ரயில் விடக்கூடாது. எந்த ஜங்ஷனிலும் ரயில் தங்கக்கூடாது; உள்ளே வந்தது எத்தனையோ அத்தனையும் வெளியே போக வேண்டும். இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை ரயில்கள் சேர்விடம் போய்ச் சேரும்?

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு பாதையைப் பிடித்து அது தாங்கும் அளவுக்கு ரயில்களை அனுப்புவது. பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் அடுத்த பாதையைத் தேடுவது. ஃபோர்டும் ஃபல்கர்சனும் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ‘மிச்சம்’ என்பதை அவர்கள் வேறு மாதிரி எழுதுகிறார்கள்.

ஒரு தடத்தின் அளவு 4, அதில் இப்போது 3 ரயில் ஓடுகிறது என்று வைப்போம். இன்னும் ஒன்று விடலாம். ஆகவே முன்பக்கமாக 1 என்று எழுத வேண்டும். அதோடு, ஏற்கெனவே விட்ட 3 ரயிலையும் அந்தத் தடத்திலிருந்து எடுத்துவிடவும் நம்மால் முடியும். ஆகவே எதிர்த்திசையில் ஒரு கோடு போட்டு 3 என்று எழுத வேண்டும். இப்படி எல்லாத் தடங்களுக்கும் முன் எத்தனை, பின் எத்தனை என்று எழுதி வரையும் படத்துக்கு மிச்ச வரைபடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எண் பூஜ்யமாகிவிட்ட கோட்டை அழித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் பாதை தேடுவது இந்தப் படத்தில்தான், முதலில் வரைந்த படத்தில் இல்லை.

தொடக்கத்தில் எந்த ரயிலும் ஓடவில்லை. எதிர்க்கோடு ஒன்றும் இல்லை. மிச்ச வரைபடமும் முதல் படமும் ஒன்றே.

முதல் சுற்றுக்கு வேண்டுமென்றே சாய்வுத் தடத்தின் வழியாகப் போவோம்: புறப்பாடு, க, த, சேர்விடம். வழியில் உள்ள எண்கள் 7, 4, 6. சிறியது 4. நான்கு ரயில்கள் போயின. படத்தைத் திருப்பி வரைவோம். புறப்பாடு–க தடத்தில் முன்னால் 3, பின்னால் 4. க–த தடத்தில் முன்னால் ஒன்றும் இல்லை, அந்தக் கோட்டை அழித்துவிட்டு த-விலிருந்து க-வுக்கு ஒரு கோடு போட்டு 4 என்று எழுதுகிறோம். த–சேர்விடம் தடத்தில் முன்னால் 2, பின்னால் 4.

இரண்டாம் சுற்று: புறப்பாடு, க, ட, சேர்விடம். இப்போதைய எண்கள் 3, 5, 6. மூன்று ரயில்கள். இதோடு புறப்பாட்டிலிருந்து க-வுக்குப் போகும் கோடு முழுவதும் தீர்ந்தது. திரும்பி வரும் கோட்டில் 7. க–ட தடத்தில் முன் 2, பின் 3. ட–சேர்விடம் தடத்தில் முன் 3, பின் 3.

மூன்றாம் சுற்று: புறப்பாடு, ச, த, சேர்விடம். எண்கள் 6, 5, 2. கடைசித் தடத்தில் இரண்டு ரயிலுக்குத்தான் இடம், இரண்டே போயின. புறப்பாடு–ச முன் 4, பின் 2. ச–த முன் 3, பின் 2. த–சேர்விடம் நிரம்பிவிட்டது, பின் 6.

இதுவரை 4, 3, 2 என்று மொத்தம் 9 ரயில்கள். எதிர்க்கோடுகளே இல்லாமல், முன்பக்க எண்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் இங்கே நின்றுவிடுவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. புறப்பாட்டிலிருந்து மேலே போக முடியாது. கீழே ச-வுக்குப் போகலாம், அங்கிருந்து த-வுக்கும் போகலாம், ஆனால் த-விலிருந்து வெளியேறும் ஒரே தடம் நிரம்பிக் கிடக்கிறது. புது ரயில் ஒன்றுகூட விட முடியாது. ஆனாலும் 9 என்பது சரியான விடை இல்லை.

நம் தாளில் த-விலிருந்து க-வுக்கு ஒரு கோடு இருக்கிறது, மேலே 4 என்ற எண்ணோடு. அதைப் பிடித்துப் பார்ப்போம். புறப்பாட்டிலிருந்து ச-வுக்கு 4. ச-விலிருந்து த-வுக்கு 3. த-விலிருந்து எதிர்க்கோட்டில் க-வுக்கு 4. க-விலிருந்து ட-வுக்கு 2. ட-விலிருந்து சேர்விடத்துக்கு 3. ஒரு முழுப் பாதை கிடைத்துவிட்டது. சிறிய எண் 2. இன்னும் இரண்டு ரயில்கள் விடலாம்.

இங்கேதான் கேள்வி எழும். க–த ஒருவழித் தடம் என்றோமே, அதில் ரயில் எப்படிப் பின்னால் போகும்? போகவில்லை. அந்தத் தடத்தில் 4 ரயில் ஓடிக்கொண்டிருந்தது, இனி 2 ஓடும், அவ்வளவுதான் நடந்தது. புதிதாக இரண்டு ரயில்கள் ச வழியாக த-வுக்கு வந்து நிற்கின்றன. அங்கிருந்து சேர்விடத்துக்குப் போகும் ஆறு இடங்களில் நான்கைப் பிடித்திருப்பவை க-விலிருந்து இறங்கி வந்தவை. அவற்றில் இரண்டை, த பக்கம் வரவே வேண்டாம், க-விலேயே திரும்பி ட வழியாகப் போங்கள் என்று மாற்றிவிடுகிறோம். ட பக்கம் இரண்டு ரயிலுக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. அவை விட்டுப்போன இரண்டு இடங்களைப் புது ரயில்கள் எடுத்துக்கொள்கின்றன. த ஜங்ஷனில் வரவும் செலவும் மாறவில்லை: முன்பு மேலிருந்து 4, ச-விலிருந்து 2, இப்போது மேலிருந்து 2, ச-விலிருந்து 4. போவது அதே 6.

ஆக எதிர்க்கோடு என்பது முதல் சுற்றில் செய்த முடிவில் பாதியைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. முதல் சுற்றில் நான்கு ரயில்களை சாய்வுத் தடத்தில் அனுப்பியது தவறு என்று அன்றைக்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது. நாம் முதலில் மேல் பாதையை எடுத்து 5, பிறகு சாய்வுத் தடத்தில் 2, பிறகு கீழ்ப் பாதையில் 4 என்று போயிருந்தால் எதிர்க்கோட்டைத் தொடாமலேயே 11-ஐ எட்டியிருப்போம். ஆனால் ஹாரிஸும் ராஸும் வரைந்த படத்தில் 105 தடங்கள். எந்த வரிசையில் எடுத்தால் சரிவரும் என்று அங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த வரிசையில் எடுத்தாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்பதே இந்த முறையின் பலம். அந்த வசதி முழுவதும் எதிர்க்கோடுகளில் இருக்கிறது.

நான்காம் சுற்று முடிந்ததும் படத்தை மறுபடியும் வரைவோம். புறப்பாடு–க: முன் 0, பின் 7. புறப்பாடு–ச: முன் 2, பின் 4. க–ட: முன் 0, பின் 5. க–த: முன் 2, பின் 2. ச–த: முன் 1, பின் 4. ட–சேர்விடம்: முன் 1, பின் 5. த–சேர்விடம்: முன் 0, பின் 6.

இனி ஐந்தாம் பாதை உண்டா? புறப்பாட்டிலிருந்து கிளம்பி, போக முடிந்த இடத்துக்கெல்லாம் போய்ப் பார்ப்போம். ச-வுக்குப் போகலாம். அங்கிருந்து த. அங்கிருந்து எதிர்க்கோட்டில் க. அதற்கு மேல் வழி இல்லை. க–ட நிரம்பிவிட்டது, த–சேர்விடமும் நிரம்பிவிட்டது. தேடல் தோற்றது. விடை 11.

இந்தத் தோல்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பொதுவாக ஒரு தேடல் தோற்றால் நமக்கு ஒரு சந்தேகம் மிஞ்சும்: இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகத் தேடியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று. இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. போய்ச் சேர முடிந்த ஊர்களை ஒரு பக்கம் வையுங்கள்: புறப்பாடு, ச, த, க. சேர முடியாதவை மறுபக்கம்: ட, சேர்விடம். முதல் படத்தை எடுத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடக்கும் தடங்கள் எவை என்று பாருங்கள். இரண்டே இரண்டு: அளவு 5 உள்ள க–ட, அளவு 6 உள்ள த–சேர்விடம். கூட்டினால் 11. புறப்பாட்டிலிருந்து கிளம்பும் எந்த ரயிலும், எப்படிச் சுற்றிப் போனாலும், இந்த இரண்டில் ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே யார் எப்படித் திட்டம் போட்டாலும் 11-ஐத் தாண்ட முடியாது. நாமோ 11 அனுப்பிவிட்டோம்.

வலைப்பின்னலை இப்படி இரண்டாகப் பிரிப்பதற்கு ‘வெட்டு’ என்று பெயர். எந்த வெட்டின் கூட்டுத்தொகையும் ஓட்டத்துக்கு ஒரு மேல்வரம்பு. வெட்டுகளிலேயே மிகச் சிறியதன் கூட்டுத்தொகையும் அதிகபட்ச ஓட்டமும் எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது ஃபோர்டும் ஃபல்கர்சனும் நிறுவிய தேற்றம். அதே 1956-ல் எலியாஸ், ஃபைன்ஸ்டைன், ஷானன் என்ற மூவர் தனியாக அதையே நிறுவினார்கள். ராண்ட் அறிக்கையின் படத்தில் குறுக்கே போட்ட கோடு இந்த வெட்டுதான். எவ்வளவு அனுப்பலாம் என்று கேட்பவருக்கும், எங்கே அடித்தால் நிற்கும் என்று கேட்பவருக்கும் ஒரே தாளில் விடை இருக்கிறது.

கையால் போடும்போது கணக்கு எங்கே பிசகும் என்றால், பெரும்பாலும் திருப்பி வரையும் இடத்தில்தான். பாதையில் முன்பக்க எண்ணைக் குறைத்துவிட்டுப் பின்பக்க எண்ணைக் கூட்ட மறப்பார்கள். எதிர்க்கோட்டில் போகும் பாதை வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். நம் நான்காம் சுற்றில் த–க எதிர்க்கோட்டில் 2 போனது. ஆகவே எதிர்க்கோட்டின் எண் 4-லிருந்து 2 ஆகக் குறைகிறது, அழித்துவிட்ட க–த முன்கோடு 2 என்ற எண்ணோடு திரும்ப உயிர் பெறுகிறது. இதை எழுதாமல் விட்டால் அடுத்த சுற்றில் இருக்கும் பாதை கண்ணில் படாது.

பிசகைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு தடத்தின் முன் எண்ணையும் பின் எண்ணையும் கூட்டினால் எந்தச் சுற்றிலும் அதன் ஆதி அளவுதான் வர வேண்டும். மேலே உள்ள கடைசிப் படத்தில் ச–த தடத்தைப் பாருங்கள்: 1-ம் 4-ம் சேர்ந்து 5. வராவிட்டால் அந்தத் தடத்தில்தான் தவறு. பின் எண் என்பது அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையேதான் என்பதால், ஜங்ஷனில் வரவும் செலவும் சமமா என்பதையும் அதே படத்திலிருந்து பார்த்துவிடலாம். க ஜங்ஷனுக்கு வருவது 7. போவது 5-ம் 2-ம்.

பாதையை எந்த வரிசையில் எடுத்தாலும் விடை சரியாக வரும் என்றேன். ஆனால் எத்தனை சுற்று ஆகும் என்பது வரிசையைப் பொறுத்தது. பாடநூல்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. நடுவில் இரண்டே ஜங்ஷன்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஓரத்தில் உள்ள நான்கு தடங்களும் ஆயிரம் ஆயிரம் தாங்கும். மேல் ஜங்ஷனிலிருந்து கீழ் ஜங்ஷனுக்கு 1 மட்டுமே தாங்கும் ஒரு குறுந்தடம். நேரான இரண்டு பாதைகளை எடுத்தால் இரண்டே சுற்றில் 2000 வந்துவிடும். குறுந்தடத்தின் வழியாக ஒருமுறை, அதன் எதிர்க்கோட்டின் வழியாக மறுமுறை என்று மாறி மாறிப் போனால் சுற்றுக்கு ஒரு ரயில்தான் கூடும். 2000 சுற்று ஆகும். அளவுகள் முழு எண்களாகவோ பின்னங்களாகவோ இருக்கும்வரை என்றாவது முடிந்துவிடும். இரண்டின் வர்க்கமூலம் போன்ற பின்னமாக்க முடியாத எண்கள் வந்தால், மோசமாகப் பாதை எடுப்பவருக்கு அது முடியாமலே போகலாம், சரியான விடைக்குப் பக்கத்தில்கூட வராமல் போகலாம் என்று ஃபோர்டும் ஃபல்கர்சனுமே காட்டியிருக்கிறார்கள்.

தீர்வு எளிது. ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதிலேயே குறைந்த தடங்கள் கொண்ட பாதையை எடுக்க வேண்டும். எட்மண்ட்ஸ், கார்ப் இருவரும் 1972-ல் வெளியிட்ட கட்டுரையில், அப்படிச் செய்தால் சுற்றுகளின் எண்ணிக்கை ஊர்களையும் தடங்களையும் மட்டும் பொறுத்து அடங்கிவிடும், தடங்களின் அளவு எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை என்று காட்டினார்கள். சோவியத் யூனியனில் டினிட்ஸ் 1970-லேயே இதைவிட வேகமான ஒரு முறையை வெளியிட்டிருந்தார். நம் கணக்கிலும் முதல் மூன்று பாதைகள் மூன்று மூன்று தடங்கள் கொண்டவை. அவை தீர்ந்த பிறகே ஐந்து தடங்கள் கொண்ட பாதைக்குப் போனோம்.

கடைசிப் படத்தை வைத்து இன்னொரு கேள்விக்கும் விடை சொல்லலாம். ஒரு தடத்தை மட்டும் அகலப்படுத்தப் பணம் இருக்கிறது, எதை அகலப்படுத்துவது? புறப்பாடு–க தடம் நிரம்பி வழிவதைப் பார்த்து அதில் பணத்தைப் போட்டால் ஒரு ரயில்கூடக் கூடாது; அது வெட்டில் இல்லை. க–ட தடத்தை 5-லிருந்து 6 ஆக்கினால் மிச்ச வரைபடத்தில் உடனே ஒரு பாதை திறக்கும்: புறப்பாடு, ச, த, க, ட, சேர்விடம். எண்கள் 2, 1, 2, 1, 1. ஒரு ரயில் கூடி 12 ஆகும். அதே தடத்தை 7 ஆக்கினால் மேலும் ஒன்று கூடுமா என்றால் கூடாது. இப்போது ட–சேர்விடம் நிரம்பிவிட்டது, ச–த தடமும் நிரம்பிவிட்டது. 12 என்ற கூட்டுத்தொகையுள்ள வெட்டுகள் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டன. 13-வது ரயில் வேண்டுமென்றால் ச–த தடத்தில் ஒன்று, த–சேர்விடத்தில் ஒன்று என்பதுபோல் இரண்டு இடத்தில் சேர்த்தே கூட்ட வேண்டும். அதற்கு மேல் கேட்டால் புறப்பாட்டிலிருந்து கிளம்பும் இரண்டு தடங்களே 13-ல் நின்றுவிடும்.